மயிலாடுதுறைக்குத் திரும்பிவிட்டேன்

உறவினர்களுக்கும் பள்ளித் தோழிகளுக்கும் கூறைநாட்டில் எங்கள் தெருவில் வாழும் அனைவருக்கும் வணக்கம். செவிலியர் வேலைக்காக 2004-ஆம் ஆண்டு மஸ்கட் சென்ற நான், அந்த வேலையை முடித்துக்கொண்டு இந்த ஐப்பசித் தொடக்கத்தில் ஊருக்கே வந்துவிட்டேன். இம்முறை வந்தது விடுமுறைக்கு அல்ல. இனி அம்மாவுடன் எங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறேன். ஒவ்வொருவராக நேரில் பார்த்துச் சொல்ல ஆசை இருந்தாலும், பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது நன்றி. 2020-ஆம் ஆண்டு கோடையில் அப்பா காலமானபோது பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்தன. என்னால் வர இயலவில்லை. பத்துப் பேருக்கு மேல் கூடுவதற்கே அஞ்சிய அந்த நாட்களில், எதிர்வீட்டுப் பெரியப்பாவும் அவருடைய பிள்ளைகளும் முன்னின்று எல்லாக் காரியங்களையும் செய்தார்கள். அடுத்த வீட்டு அக்கா, அம்மாவைத் தனியாக விடாமல் பல வாரங்கள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வந்து படுத்துக்கொண்டார். அதற்குப் பின்பும் மருந்து வாங்கிக் கொடுப்பது, வங்கிக்கு அழைத்துச் செல்வது, மழையில் ஓடு சரிந்தால் ஆள் பிடித்து மாற்றுவது என்று மகள் செய்ய வேண்டியதையெல்லாம் தெருவே செய்தது. நான் அனுப்பிய பணத்தால் மட்டும் அந்த வீடு நின்றிருக்காது. இதைத் தொலைபேசியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எழுத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊர் நிறையவே மாறியிருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம், மாயூரம் என்று இருக்கும். கடவுச்சீட்டு எடுத்தபோது அது நாகப்பட்டினம் மாவட்டம், மயிலாடுதுறை. 2020 டிசம்பர் முதல் எங்கள் ஊரே மாவட்டத் தலைநகர். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி மட்டும் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. மீட்டர்கேஜ் ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டவள், அகலப் பாதையில் வந்து இறங்கினேன். எங்கள் தெருவில் தறிச் சத்தம் மிகவும் குறைந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்ட கூறைப்புடவையை நெய்வதற்குப் பெயர் பெற்ற பகுதியில், விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் பள்ளிக்குக் கிளம்புவோம். இன்னும் நெய்துகொண்டிருப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்த்து வருகிறேன். அடுத்த ஆண்டு என் தங்கை மகளின் திருமணத்திற்கு அவர்களிடம்தான் புடவை எடுப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.

இத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டியே வந்து போனதால், கோடையின் மணல் காவிரியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேட்டூரிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வரும்போது பெரும்பாலும் மஸ்கட்டுக்குத் திரும்பும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஐப்பசியை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஆண்டுதான் கிடைத்தது. மழைக்கு நடுவே சம்பா வயல்கள் பச்சை பிடித்திருக்க, காவிரியின் துலாக் கட்டத்தில் ஐப்பசியின் கடைசி நாள் நீராடலான கடைமுழுக்கு அன்று மாயூரநாதரும் மற்றக் கோயில் சுவாமிகளும் கரையில் எழுந்தருளி நிற்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ‘ஆயிரமானாலும் மாயூரமாகுமா’ என்று தாத்தா சொல்வதை அன்று அம்மா வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் கார்த்திகை முதல் நாளன்று முடவன் முழுக்கு. நடக்க இயலாத ஒருவர் ஐப்பசி முடிந்தபின் தாமதமாக வந்து சேர்ந்தபோது, அவருக்கும் ஐப்பசியில் முழுகிய அதே பலனை இறைவன் அருளினார் என்பது ஊரறிந்த கதை. தாமதமாக வருபவர்களுக்கென்று தனியாக ஒரு நாளையே வைத்திருக்கும் ஊர் இது என்பதை எண்ணி, அன்றும் போய் முழுகிவிட்டு வந்தேன்.

இங்கே எனக்குத் தெரியாதவை பல. புதிதாகக் குடிவந்தவர்கள், நான் போன பின் பிறந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், இடம் மாறிய கடைகள் என எல்லாவற்றையும் மெல்ல அறிந்துகொள்கிறேன். தெருவில் என்னைப் பார்த்தால், இன்னார் மகள் என்று நீங்களே ஒரு வார்த்தை பேசத் தொடங்குங்கள்; முகம் மறந்திருந்தாலும் குரலைக் கேட்டால் நினைவு வந்துவிடும். வீட்டில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பார்க்க வேண்டியிருந்தாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை எப்போது சாப்பிடுவது என்று கேட்க வேண்டியிருந்தாலும், தயங்காமல் வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நடக்க முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் நானே வந்து பார்க்கிறேன்.