முரளியிடம் என்ன பேசுவது?

அன்புள்ள கவின்,

அப்பாவின் காரியம் முடிந்து முரளி திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறான். 'ஐயோ பாவம், எல்லாம் சரியாகிடும்' என்பது அனுதாபம். தப்பில்லை, ஆனால் தள்ளி நின்று சொல்வது. அவன் தலையாட்டுவான், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'எங்க தாத்தா போனப்போ...' என்று ஆரம்பித்தாலோ பேச்சு உன் பக்கம் திரும்பிவிடும்.

ஒத்துணர்வு அவன் இடத்திலிருந்து பார்ப்பது. பக்கத்தில் உட்கார். 'அப்பாவைப் பத்திப் பேசணும்னா கேக்கறேன், வேண்டாம்னா சும்மா இருப்போம்' என்று சொல். மௌனத்தை நிரப்ப அவசரப்படாதே. எரிந்து விழுந்தாலும் சிரித்தாலும் திருத்தாதே. துக்கம் அப்படியும் வரும். 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்றால் பெரும்பாலும் கேட்கமாட்டான். விட்டுப்போன கணக்குப் பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. 2 மாதம் கழித்தும் விசாரி.

'நானும் போயிடலாம்' என்கிற மாதிரி பேசினால் மட்டும் ரகசியம் காக்காதே; உடனே என்னிடம் வா.

அன்புடன்,
பள்ளி மனநல ஆலோசகர்