வீட்டுப்பாடத் தாளுக்கு விடை வேண்டாம், கேள்வி போதும்: 3ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

இந்த வாரத் தாளில் கடன் வாங்கிக் கழித்தல் 8 கணக்கும், வாக்கியக் கணக்கு 2ம் இருக்கின்றன. பிள்ளை தப்பாகப் போட்டால் அழித்துச் சரியாக எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தப்பைப் பார்த்துத்தான் மறுநாள் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

52 − 27 என்ற கணக்குக்குப் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு இல்லை. 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். "தப்பு, கடன் வாங்கு" என்று சொன்னால் அந்த ஒரு கணக்கு மட்டும் சரியாகும். அதற்குப் பதில், "ஒன்றாம் இடத்துல எதிலிருந்து எதை எடுத்தே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நாம் இரண்டிலேயே வாயைத் திறந்துவிடுகிறோம்.

அப்படியும் பிடிபடவில்லையா? ஈர்க்குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு 5 கட்டு, உதிரியாக 2 வையுங்கள். "இதிலிருந்து 27 குச்சி எனக்குக் கொடு" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உதிரி போதாமல் ஒரு கட்டைப் பிரிக்கும்போது, "இப்ப எத்தனை கட்டு இருக்கு? உதிரி எத்தனை?" என்று கேளுங்கள். 4 கட்டு, 12 உதிரி. கடன் வாங்குவது என்றால் இதுதான். பிறகு அதையே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

வாக்கியக் கணக்கில் தடுமாற்றம் வேறு மாதிரி. "மீனாவிடம் 18 பென்சில்கள் உள்ளன. ரவியிடம் அவளைவிட 6 குறைவு. இருவரிடமும் மொத்தம் எத்தனை?" 'மொத்தம்' கண்ணில் பட்டதும் 18ஐயும் 6ஐயும் கூட்டி 24 என்பார்கள். "இந்த 6 யாரோட பென்சில்?" என்ற ஒரே கேள்வி போதும். அது யாருடையதும் இல்லை, வித்தியாசம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ரவிக்கு 12, மொத்தம் 30.

"25தானே வரும்?" என்று கேட்பது கேள்வி இல்லை, விடை. தப்பு வரும்போது மட்டும் "எப்படிப் போட்டே?" என்று கேட்டாலும் பிள்ளை பயந்து உடனே ரப்பரை எடுக்கும். சரியான கணக்குக்கும் அதையே கேளுங்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள். யோசித்து வருகிற விஷயம் இல்லை அது.

உங்களுக்கே கணக்கு மறந்திருந்தால் கவலை வேண்டாம். "எனக்குப் புரியற மாதிரி சொல்லிக்கொடு கண்ணு" என்பதே நல்ல கேள்வி.

ஒரு கணக்குக்கு மூன்று கேள்வி, மொத்தம் 20 நிமிடம். அதற்குமேல் இழுக்காமல், நின்றுபோன கணக்கைப் பென்சிலால் வட்டமிட்டு, "ஈர்க்குச்சியில் வந்தது, தாளில் வரவில்லை" என்பதுபோல் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுநாள் அங்கிருந்து நாங்கள் தொடங்குகிறோம்.