அகராதிப் பயிற்சித்தாள்: ஏழாம் வகுப்பு

நேரம் 40 நிமிடம். கையில் அகராதி இல்லாமல் எழுதுங்கள். முடித்த பிறகு பிரித்துச் சரிபார்க்கலாம்.

பகுதி 1: பக்கத்தின் தலையில் உள்ள சொற்கள்

இடப்பக்க மூலையில் இருப்பது அந்தப் பக்கத்தின் முதல் சொல், வலப்பக்கம் இருப்பது கடைசிச் சொல். புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும்: 'அக்கா'வுக்கு அப்புறம்தான் 'அகம்'.

1. ஒரு பக்கத்தின் தலையில் 'கடி – கண்' என்று இருக்கிறது. கட்டில், கடுகு, கணக்கு, கடல், கடைசி, கண்ணாடி, கடிகாரம் ஆகியவற்றில் எவை இதே பக்கத்தில் இருக்கும்? மற்றவை முன்னாலா, பின்னாலா?

2. அகர வரிசைப்படுத்துக: மனம், மழை, மரம், மன்றம், மறம், மணல், மளிகை, மலர். (ந, ன இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் அல்ல. ர, ற கூட அப்படித்தான்.)

3. 'வந்தார்கள்', 'மரங்களை' ஆகியவற்றின் பொருளை எந்தத் தலைச்சொல்லின் கீழ் தேடுவீர்கள்?

பகுதி 2: ஒலிக்குறிப்பு

இந்தத் தாளில், எண் இல்லாத க 'கண்' என்பதில் வருவது. க3 'கங்கை'யின் முதல் எழுத்து. எண் இல்லாத ப 'பல்' என்பதில் வருவது. ப3 'பஸ்'ஸின் முதல் எழுத்து. ப4 அதையே மூச்சை அழுத்திச் சொல்வது. சுலோகப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்.

4. 'பாவம் (பா4வம்)' என்ற குறிப்பு எந்தப் பொருளுக்கு உரியது: தீவினையா, நடனத்தில் முகம் காட்டும் உணர்ச்சியா?

5. பீமன் கையில் இருப்பது எது: கதை (கதை2), கதை (க3தை3)?

6. பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் க வேறு வேறாக ஒலிக்கிறது. ஆனாலும் எதற்கும் ஒலிக்குறிப்பு தேவையில்லை. ஏன்? (இதற்கு மட்டும் நான்கு மதிப்பெண். யோசித்து எழுதுங்கள்.)

பகுதி 3: சொல்வகைக் குறி

பெ. – பெயர்ச்சொல், வி. – வினைச்சொல், பெ.அ. – பெயரடை, வி.அ. – வினையடை, இ.சொ. – இடைச்சொல்.

படி¹ வி. வாசி, கல்.
படி² வி. மேலே தங்கு.
படி³ பெ. ஏறி இறங்கும் கட்டு.
படி⁴ பெ. முகத்தலளவை.
படி⁵ பெ. நகல்.
படி⁶ இ.சொ. அவ்வாறே.

சொல்லின் தலையில் உள்ள சிறு எண்ணுக்கும் ஒலிக்கும் தொடர்பு இல்லை. எழுத்து ஒன்று, சொல் வேறு என்பதற்கான எண் அது.

7. எந்தப் படி, என்ன குறி?
அ) அலமாரியில் தூசி படிந்திருக்கிறது.
ஆ) சான்றிதழின் இரண்டு படிகளை இணைக்கவும்.
இ) அம்மா சொன்னபடி செய்தேன்.
ஈ) அரைப்படி அரிசி போதும்.

8. 'நல்ல', 'மெல்ல': இரண்டுக்கும் குறி எழுதுக.

9. 'நேற்று வந்தான்', 'நேற்றைவிட இன்று வெயில் அதிகம்'. 'நேற்று' என்பதற்கு ஒரே குறி போதுமா?

ஆசிரியருக்கான விடை

1. கடுகு, கடைசி, கடிகாரம். கட்டில், கடல் முன்னால். கணக்கு, கண்ணாடி பின்னால்.
2. மணல், மரம், மலர், மழை, மளிகை, மறம், மன்றம், மனம்.
3. வா, மரம்.
4. உணர்ச்சி.
5. க3தை3.
6. இரட்டித்தால் வல்லொலி, ங்-ஐ அடுத்தால் மெலிந்த ஒலி, உயிரொலிகளுக்கு நடுவே இன்னும் தேய்ந்த ஒலி: இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. சொந்த வார்த்தையில் எழுதினாலும் முழு மதிப்பெண்.
7. படி² வி., படி⁵ பெ., படி⁶ இ.சொ., படி⁴ பெ.
8. பெ.அ., வி.அ.
9. போதாது. முதலாவது வி.அ.; இரண்டாவது 'ஐ' உருபு ஏற்றதால் பெ.