தீபாவளி வரை நாற்காலி நிரப்பும் திட்டம்

செல்வி அக்காவுக்கு: 2026 ஆகஸ்ட் 3 முதல் நவம்பர் 7 வரை

அக்கா, உங்கள் பார்லரின் ஜூன் மாத முன்பதிவு நோட்டைப் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்தேன். 212 பேர் நேரம் வாங்கியிருக்கிறார்கள். 31 பேர் வரவில்லை. அந்த 31 பேரில் 22 பேர் பத்து நாளுக்கும் முன்னாலேயே பதிவு செய்தவர்கள். அவர்கள் உங்களை ஏமாற்றியதாகத் தெரியவில்லை, மறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை இடமில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பியவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதியபடி 17 பேர். அதே மாதத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரை, மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, மூன்று நாற்காலியில் இரண்டு சும்மா கிடந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது ஃபாலோயர் கூட்டித் தரச் சொல்லி. அதை இந்த மூன்று மாதம் ஓரமாக வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் இருப்பவர் லைக் போட்டு சிங்கப்பூர் தேக்காவில் நாற்காலி நிரம்பாது. இனி ஒவ்வொரு பதிவும் ஒரு குறிப்பிட்ட காலி நேரத்தை விற்கும். விற்க நேரம் இல்லாத வாரம் பதிவும் இல்லை. சனிக்கிழமைக்கு விளம்பரமே வேண்டாம், அது தானாக நிரம்புகிறது.

எதைப் படம் எடுப்பது

வாரத்துக்கு இரண்டு 'முன்பு-பின்பு', போதும். சன்னல் பக்கத்து நாற்காலி, தரையில் ஒட்டிய டேப் குறி, அதே தூரம். முன்பு எடுத்த படம் மங்கலாகவும் பின்பு எடுத்தது பளிச்சென்றும் இருந்தால், வெளிச்சத்தைத்தான் மாற்றினோம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஃபில்டர் கூடாது. தோல் பற்றி எழுதும்போது 'குணமாகும்', 'நிரந்தரமாகப் போகும்' என்ற சொற்களும் கூடாது. அது டாக்டர் வேலை.

முகம் தெரியாமலே நல்ல படம் எடுக்கலாம். நரை மறைத்த வகிடு, பின்னாலிருந்து ஸ்மூத்தனிங் செய்த முடி, த்ரெடிங் முடிந்த ஒரு புருவம் மட்டும், மடிப்பு அயர்ன் செய்து கட்டிய காஞ்சிபுரம் புடவை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை 'மூன்று வாரம் கழித்து' படம். சாயம் போட்ட அன்று எல்லோருக்கும் அழகுதான். மூன்று வாரம் கழித்தும் நிறம் நிற்கிறது என்று காட்ட எல்லாக் கடைக்கும் தைரியம் வராது. வேர் எட்டிப் பார்த்தால் அதையும் காட்டுவோம்: 'டச்-அப் நேரம் வந்துவிட்டது, புதன் 3 மணி காலி' என்று அதற்குக் கீழேயே எழுதலாம்.

பாட்டு விஷயம் ஒன்று. பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்தால் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். நூல் இழுக்கும் சத்தமும் உங்கள் பேச்சும் போதும். நீங்கள் பேசினால்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள், அக்கா.

பதிவின் எழுத்து இப்படி இருக்கட்டும்:

"நரை மறைக்க வந்தார், கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு போதும் என்றார். 1 மணி 50 நிமிடம், 85 வெள்ளி. இந்த வாரம் புதன் மதியம் 2 மணியும் வியாழன் 3.30 மணியும் காலி. முகப்பில் உள்ள இணைப்பைத் தொட்டு 'சாயம்' என்று வாட்ஸ்அப் அனுப்புங்கள்."

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு டிஎம் பண்ணவும்' என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கவே கூச்சப்பட்டுப் போய்விடுகிறார்கள்.

அனுமதி

அடையாளம் தெரியும் படமும் தனிநபர் தரவுதான், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதம் வேண்டும். கவுண்டரில் ஒரு சீட்டு வைக்கிறேன்: 'முகத்தோடு சரி', 'முகம் தெரியாமல் சரி', 'வேண்டாம்'. வேலை தொடங்கும் முன் கேளுங்கள். முடிந்து சந்தோஷத்தில் இருக்கும்போது கேட்டால் சரி என்பார்கள், வீட்டுக்குப் போனதும் மாமியார் பார்த்துவிட்டார் என்று போன் வரும். பிறகு யாராவது எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுவோம். திரை போட்ட அறையில் ஹிஜாப் கழற்றும் வாடிக்கையாளர்கள் இருக்கும்போது போன் அந்த அறைக்குள்ளேயே போகக்கூடாது. கண்ணாடியில் பின்னால் யார் தெரிகிறார் என்பதையும் பாருங்கள்.

நேரம் வாங்குவது, நினைவூட்டுவது

இன்ஸ்டாகிராம் முகப்பில் ஒரே இணைப்பு, கடையின் வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணுக்கு. வருபவரிடம் மூன்றே கேள்வி: என்ன செய்ய வேண்டும், எந்த நாள், இதற்கு முன் சாயம் அலர்ஜி ஆனதுண்டா. உடனடிப் பதிலாக இதைச் சேமித்துத் தருகிறேன்.

நினைவூட்டல் இரண்டு முறை. முதலாவது இரண்டு நாள் முன்பு, காலை 11 மணிக்கு:

"வணக்கம் ரேணு. வியாழன், ஆகஸ்ட் 13, மதியம் 2.30 மணிக்கு முடிச்சாயம், சுமார் 2 மணி நேரம். வருவீர்கள் என்றால் 1, நாள் மாற்ற 2 என்று அனுப்புங்கள். - செல்வி அக்கா"

இரண்டாவது அன்று காலை, ஒரே வரி: "இன்று 2.30க்குக் காத்திருக்கிறோம். முடியவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறொருவர் காத்திருக்கிறார்."

அந்தக் கடைசி வாக்கியம் பொய்யாக இருக்கக்கூடாது. அதனால்தான் சனிக்கிழமை திருப்பி அனுப்புபவர்களை வாட்ஸ்அப்பில் லேபிள் போட்டு வைக்கச் சொல்கிறேன். யாரிடமிருந்தாவது 2 என்று பதில் வந்ததும் அந்தப் பட்டியலின் முதல் மூன்று பேருக்கு அந்த நேரத்தைச் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் ஸ்டோரியில் போடுங்கள்.

நினைவூட்டலின் அடியில் 'ஃபேஷியலில் தள்ளுபடி' என்று ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் அது விளம்பரம். சிங்கப்பூர் எண்ணுக்கு விளம்பரம் அனுப்ப, தெளிவான சம்மதம் இல்லாவிட்டால், அழைக்க வேண்டாம் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். வாட்ஸ்அப்புக்கும் இதுதான் விதி. எஸ்எம்எஸ் வேண்டாம்: பதிவு செய்யாத அனுப்புநர் பெயருக்கு 2023 ஜனவரியிலிருந்து Likely-SCAM என்று காட்டுகிறது. பிராட்காஸ்ட் செய்தி நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும், ஆகவே பணம் வாங்கும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் எல்லோரிடமும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கும் சனிக்கிழமைக்கும் மட்டும் 20 வெள்ளி, பேநவ்வில், பில்லில் கழித்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் திருப்பிக் கொடுப்போம். ஆண்டுக்கணக்காக வரும் ஆட்களிடம் கேட்க உங்களுக்குக் கை வராது என்று தெரியும், அவர்களை விட்டுவிடலாம்.

தீபாவளிக் கணக்கு

நவம்பர் 8, ஞாயிறு. அங்கிருந்து பின்னோக்கி வருவோம். மருதாணி ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாக மாறும், அதனால் அதற்கு 6ஆம் தேதி. த்ரெடிங் 5, 6. முகம் சிவந்தால் அடங்க அவகாசம் வேண்டும், ஃபேஷியல் நவம்பர் 3-க்குப் பிறகு வேண்டாம். சாயம் அக்டோபர் கடைசி வாரம், அதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சோதனை. ஸ்மூத்தனிங் அக்டோபர் முதல் பாதி. இந்த வரிசையையே ஒரு பதிவாகப் போடுவோம், 'எது எப்போது' என்று. எல்லோரும் 7ஆம் தேதி வந்து நிற்பதை அது கொஞ்சமாவது குறைக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கு செப்டம்பர் 29 அன்று நேரம் திறப்போம், மற்றவர்களுக்கு அக்டோபர் 6.

ஆகஸ்ட் பாதிவரை ஆடி, கல்யாண அலங்காரம் வராது. புடவை மடிப்பு, மணப்பெண் சிகைப் படங்களை ஆவணி பிறந்ததும் தொடங்கலாம்.

யார், எப்போது

படம் எடுப்பது உங்கள் தங்கை. எழுதுவது நான், ஞாயிறு இரவு. திங்கள் கடை மூடியிருக்கும்போது அந்த வாரத்தின் காலி நேரங்களை நோட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், அதைப் பார்த்துப் பதிவில் திருத்துவேன்.

மாதக் கடைசியில் இரண்டு எண் மட்டும் பார்ப்போம்: எத்தனை பேர் வரவில்லை, செவ்வாய்-வியாழன் மதியம் எத்தனை மணி நேரம் காலி. செப்டம்பர் முடிவில் வராதவர்கள் 15-க்குக் கீழே வரவில்லை என்றால் இரண்டாவது செய்தியின் வாசகத்தை மாற்றுவோம். அதன்பிறகும் குறையாவிட்டால் முன்பணத்தை மற்ற நாட்களுக்கும் கொண்டுவருவது பற்றி அக்டோபர் கடைசியில் உட்கார்ந்து பேசலாம்.