முதலில் என்ன சொல்வது? புதிதாகத் தமிழ் கற்போருக்கான குறிப்பு

வேலைக்காகக் கோவைக்கு வந்து, மாலை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

'வணக்கம்' உங்களுக்கு முன்பே தெரியும். அறிமுகமில்லாதவர், பெரியவர், அலுவலகம், மேடை, தொலைபேசி என எங்கும் அதைத் தயங்காமல் சொல்லலாம். பெரியவர் என்றால் கைகூப்பிச் சொல்லுங்கள். 'வணக்கம் ஐயா', 'வணக்கம் அம்மா' என்றால் இன்னும் நல்லது. தினமும் பார்க்கும் நண்பரிடம் மட்டும் அது விலகி நிற்பதுபோல் ஒலிக்கும். அவரைப் பார்த்ததும் 'என்ன, எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'நன்றாக இருக்கிறேன், நீங்கள்?' என்பது பதில். 'காலை வணக்கம்' பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்குகிறது, தெருவில் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் முதல் சொல் 'வாருங்கள்'. பேச்சில் அது 'வாங்க' என்று ஒலிக்கும். கையில் என்ன வேலை இருந்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள். வாசலில் நிற்பவரை 'வாருங்கள்' என்று அழைக்காமல் இருப்பது இங்கே பெரிய மனக்குறை. ஆண்டுகள் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள்.

அடுத்து 'சாப்பிட்டீர்களா?' மதிய நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா இப்படிக் கேட்டால் அது பெரும்பாலும் நலம் விசாரிப்புதான். 'சாப்பிட்டேன் அக்கா, நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நீங்களே முந்திக்கொண்டு கேட்கப் பழகினால் தெருவே உங்களோடு பேசத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த விசாரிப்பும் இதுதான்.

விடைபெறும்போது 'போகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மீண்டும் வராமல் போவதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். 'போய்விட்டு வருகிறேன்' அல்லது சுருக்கமாக 'வருகிறேன்' என்று சொல்லுங்கள். கதவருகே நின்று 'வருகிறேன்' என்பவர் உள்ளே வரவில்லை, கிளம்புகிறார்! வீட்டில் இருப்பவர் 'சரி, போய் வாருங்கள்' என்பார்.

துக்க வீட்டில் மட்டும் இந்த வழக்கம் மாறும். அங்கே 'வாருங்கள்' என்று வரவேற்பதில்லை. புறப்படும்போது 'வருகிறேன்' என்று சொல்வதும் இல்லை. பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

'நன்றி' மேடையிலும் கடிதத்திலும் உதவி செய்த அந்நியரிடமும் பொருந்தும். வீட்டில் சோறு போட்டவரிடம் 'சாப்பாடு மிக நன்றாக இருந்தது அம்மா' என்றால் அவர் முகம் மலரும்.

ஜனவரி நடுவில் பொங்கல் வரும். எல்லோரும் 'பொங்கல் வாழ்த்துகள்' என்பார்கள். நீங்கள் அன்று காலை பக்கத்து வீட்டாரிடம் 'பால் பொங்கியதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'பொங்கியது, வாருங்கள்' என்று உள்ளே அழைத்து இலை போடவும் கூடும்.