கிறிஸ்து பிறப்பு விழா கேரல் பவனி 2025: அன்பியக் குடும்பங்களுக்கு வாழ்த்தும் அழைப்பும்

கிருஷ்ணகிரி
திருவருகைக் காலம் முதல் வாரம், 2025

இயேசுவில் அன்பான அன்பியக் குடும்பத்தாருக்கு,

பிறக்கப் போகும் பாலன் இயேசுவின் அமைதியும் மகிழ்ச்சியும் உங்கள் இல்லத்தில் நிறைந்திருக்கட்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து விடுமுறைக்கு வரவிருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் முன்கூட்டியே கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

இராயக்கோட்டை சாலைப் பகுதியின் மூன்று அன்பியங்களிலும் 68 வீடுகள் இருக்கின்றன. டிசம்பர் 19 வெள்ளி முதல் 22 திங்கள் வரை நான்கு இரவுகளில் அத்தனை வீட்டுக்கும் வருகிறோம். பெரிய வீடு, வாடகை வீடு, மாடியில் ஒற்றை அறை எதுவானாலும் எங்களுக்கு ஒன்றுதான். முதல் கிறிஸ்மஸ் செய்தி கிடைத்தது ராத்திரியில் ஆட்டுக் கிடைக்குக் காவல் இருந்த இடையர்களுக்கு. ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் சுற்றுப்பட்டில் நிறைந்த நம் ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் செய்தியை வீட்டு வாசலில் வந்து சொல்வதுதான் கேரல். அதனால் வீடு வெள்ளையடிக்கவில்லை, பலகாரம் சுடவில்லை, கையில் காசில்லை என்று யாரும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம்.

வரும் நாளும் நேரமும்:

19 வெள்ளி, மாலை 6.30: மேட்டுத் தெருவும் அதன் சந்துகளும், 15 வீடுகள்.
20 சனி, மாலை 5.30: தண்ணீர்த் தொட்டித் தெரு, புதுக் குடியிருப்பு, 19 வீடுகள்.
21 ஞாயிறு, மாலை 5.30: பிரதான சாலையின் இருபுறமும் மாந்தோப்பு ஓரமும், 19 வீடுகள்.
22 திங்கள், மாலை 6.30: பள்ளிக்கூடத் தெருவில் தொடங்கி ஆலயம் வரை, 15 வீடுகள்.

சென்ற ஆண்டு கடைசியில் வந்த வீடுகளுக்கு இந்த முறை முதலில் வருகிறோம். ஷிஃப்ட் வேலையால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க முடியாது என்றால் டிசம்பர் 14 ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முகப்பில் போட்டிருக்கும் மேசையில் சொல்லுங்கள். வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம். பவனி புறப்பட்ட பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

ஒரு வீட்டுக்கு எட்டு நிமிடம், அடுத்த வீட்டுக்கு நடக்க மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். 19 வீடுகளுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். வீட்டுக்கு ஐந்து நிமிடம் கூடினாலே கடைசி வீட்டை எட்டும்போது மணி பத்தேகாலைத் தாண்டிவிடும். அங்கே பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், பாட்டி காத்திருந்து காத்திருந்து படுத்திருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் படிக்கிற பிள்ளைகளும் தெருவெங்கும் இருக்கிறார்கள். ஆகவே ஒலிபெருக்கி கொண்டுவரவே போவதில்லை. டோலக், தம்புரின், பேட்டரியில் ஓடும் சிறிய கீபோர்டு, இருபத்தைந்து பேர் குரல், இவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் நடப்பது இது. வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடுவோம். நட்சத்திரம் பிடித்த பிள்ளை முதலில் நுழைய, பாலன் இயேசு சுரூபம் பின்னால் வரும். லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரம், 8 முதல் 14 வரையுள்ள வசனங்களை உங்கள் வீட்டார் ஒருவர் வாசிக்க வேண்டும். வாசிக்கப் பழகும் பிள்ளை தட்டுத் தடுமாறி வாசித்தாலும் அதுவே எங்களுக்குப் பிடிக்கும். பிறகு வீட்டுக்காக ஒரு செபம், நீங்கள் கேட்கும் ஒரு பாட்டு, பாலன் சுரூபத்துக்கு வணக்கம். சளி, காய்ச்சல் பரவும் மாதமாக இருப்பதால் முத்தமிடுவதை விட்டுவிட்டு நெற்றியைத் தாழ்த்தி வணங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் தயாராக வைக்க வேண்டியது வெள்ளைத் துணி விரித்த ஒரு முக்காலி, ஒரு மெழுகுவர்த்தி, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் திறந்து வைத்த விவிலியம். மெழுகுவர்த்தியை ஜன்னல் திரைக்கும் குடில் வைக்கோலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கூட்டமாக உள்ளே வரும்போது தாவணி முனையோ சால்வையோ தட்டிவிடக்கூடும். நாய் இருந்தால் பின்கட்டில் கட்டிவையுங்கள். டோலக் சத்தத்துக்கு எந்த நாயும் மிரளும். முக்கியமாக, வாசல் விளக்கை எரிய விடுங்கள். 19ஆம் தேதி அமாவாசை, நான்கு இரவும் நிலா வெளிச்சத்தை நம்ப முடியாது. படிக்கட்டில் பிள்ளைகள் இடறி விழுவது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

இந்த ஆண்டு ஒருவரை இழந்த வீடுகளுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். துக்கம் இருக்கிறது, கேரல் வேண்டாம் என்று பல குடும்பங்கள் சொல்வதுண்டு. அந்த மனத்தை மதிக்கிறோம். ஆனாலும் உங்களைத் தாண்டிப் போக எங்களுக்கு மனம் வருவதில்லை. நீங்கள் சம்மதித்தால் ஆறு பேர் மட்டும் வருவோம். டோலக் இல்லை, கிறிஸ்மஸ் தாத்தா இல்லை, கைத்தட்டல் இல்லை. மெல்லிய தாலாட்டு ஒன்று, இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு செபம், அவ்வளவே. பெயரைச் சொல்லலாமா, வேண்டாமா என்பதையும் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்து அதைக் கேட்கும் சங்கடம் உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறைக்குள்ளும் இதேபோலச் சிலர் மட்டும் வருவோம். நோயாளிக்கு நற்கருணை வேண்டுமென்றால் பங்குத்தந்தையிடம் தெரிவித்துத் தனியாக நாள் வாங்கித் தருகிறோம்.

நம் தெருக்களில் வெளியே தமிழும் அடுப்படியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் பல. தெலுங்கில் இரண்டு பாட்டும் கன்னடத்தில் ஒன்றும் பழகியிருக்கிறோம். தயங்காமல் கேளுங்கள். பக்கத்து வீட்டு இந்து, இஸ்லாமியக் குடும்பங்களை நீங்களே போய் அழைத்து வாருங்கள். நாங்கள் திடீரென்று போய்ப் பாடுவதைவிட நீங்கள் அழைப்பதுதான் முறை. பள்ளிவாசல் பக்கம் கடக்கும்போது தொழுகை நேரமென்றால் பாட்டையும் தாளத்தையும் நிறுத்திவிட்டு நடப்போம். மார்கழி பிறந்திருக்கும், வாசலெல்லாம் கோலம் இருக்கும். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வரப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம், நீங்களும் சொல்லுங்கள். வெடி யாரும் கொளுத்த வேண்டாம்.

உபசரிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் டீயும் தருவது உங்கள் அன்பு. ஆனால் பதினைந்து வீட்டு இனிப்பும் பால் டீயும் தொண்டையில் பிசுபிசுக்கும், குரல் எழும்பாது, சின்னப் பிள்ளைகளுக்கு வயிறும் கெடும். அதனால் ஓர் இரவுக்கு இரண்டே வீட்டில் சுக்கு மல்லி காபியும் கொஞ்சம் சுண்டலும் போதும். அந்த எட்டு வீடுகள் எவை என்பதை அன்பியக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டோம். மற்ற வீடுகளில் வெந்நீர் கொடுத்தால் மகிழ்ச்சியாகக் குடிப்போம். செய்து வைத்த பலகாரத்தைப் பொட்டலமாகக் கொடுத்தால், தனியாக வாழும் முதியவர்களுக்கு 23ஆம் தேதி கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

காணிக்கை கட்டாயமில்லை. தர விரும்புவோர் இந்தக் கடிதத்துடன் உள்ள உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். உறையின் மேல் பெயர் எழுத வேண்டாம். 22ஆம் தேதி இரவு அன்பியத்துக்கு ஒருவராக மூன்று பேர் சேர்ந்து பிரித்து எண்ணுவார்கள். தொகையும் செலவும் 28ஆம் தேதி திருக்குடும்ப விழாத் திருப்பலியில் வாசிக்கப்படும். முதல் செலவு கம்பளி, பனியில் ஓட்டு வீட்டில் படுக்கும் வயதானவர்களுக்கு. எங்கள் போக்குவரத்துக்கோ உடைக்கோ இதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை.

குடில் கட்டுகிற வீடுகளுக்கு ஒரு யோசனை. பிளாஸ்டிக் புல் வாங்க வேண்டாம், நம் ஊர்க் கேழ்வரகு இருக்கிறதே! ஒரு கைப்பிடியை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரச் சாக்கில் ஒருநாள் கட்டிவைத்து, அகலத் தட்டில் இரண்டு விரல் உயரம் மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். 13ஆம் தேதிக்குள் தூவினால் விழாவுக்குள் பச்சைப் பசேலென்று நிற்கும். குளிர் அதிகமானால் முளைப்பு பிந்தும். அதனால் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் மூடி வைத்து, முளை தெரிந்ததும் வெயிலுக்கு மாற்றுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும், தேங்கினால் அழுகிவிடும். சீரியல் விளக்கை வைக்கோல் மேல் படரவிடாதீர்கள். ஒயர் இணைப்புகளில் டேப் சுற்றுங்கள், இரவுப் பனி இறங்கினால் ஷாக் அடிக்கும். தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கட்டும். பாலனை அன்றைக்கு வீட்டின் கடைக்குட்டி வைக்கட்டும்.

எங்களோடு பாட வருகிறீர்களா? குரல் தேர்வு எதுவும் இல்லை. 8ஆம் தேதி முதல் வார நாட்களில் இரவு 7.30 முதல் 8.30 வரை மறைக்கல்வி அறையில் பயிற்சி. சுருதியை இரண்டு கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறக்கியிருக்கிறோம். உயரத்தில் பிடித்தால் பத்து வீட்டுக்குள் ஆண்கள் குரல் உடைந்துவிடும், பிறகு சத்தம் போடுவதுதான் நடக்கும். டோலக் வாசிக்கும் தம்பிகள் கனத்த துணியுறை கொண்டு வாருங்கள். பனி ஈரத்தில் தோல் தொய்ந்தால் நாதமே வராது. எல்லாரும் காதை மூடும் துண்டு, செருப்புக்குப் பதில் ஷூ, சிறிய டார்ச் எடுத்து வர வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவர் நடக்க வேண்டும். பிரதான சாலையில் ஒற்றை வரிசை, முன்னாலும் பின்னாலும் ஒளிரும் பட்டை அணிந்த பெரியவர்கள்.

கிறிஸ்மஸ் தாத்தாவைக் கண்டு அழும் குழந்தை இருந்தால் முன்பே சொல்லுங்கள். வாசலிலேயே நின்று கையசைத்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகளுக்கு அவர் தருவது கடலை மிட்டாய்தான். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் அதையும் தெரிவித்துவிடுங்கள்.

24 புதன் இரவு 11 மணிக்கு ஆலயத்தில் கீதங்கள், 11.30க்குத் திருப்பலி. சால்வை கொண்டு வாருங்கள், மண்டபத்துக்கு வெளியே உட்காருபவர்களுக்குக் குளிர் கடுமையாக இருக்கும். இது யூபிலி ஆண்டு. 28ஆம் தேதி மறைமாவட்டங்களில் அது நிறைவு பெறுகிறது. அன்று காணிக்கைக் கணக்கைக் கேட்கவும் குடும்பமாக வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்பதை உறையின் பின்புறம் எழுதி, 14ஆம் தேதி ஆலய முகப்பு மேசையில் கொடுத்துவிட்டு உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இறை அன்பில்,
கேரல் குழுவினர்,
மூன்று அன்பியங்களின் பொறுப்பாளர்கள்