மணியார்டர் துண்டு

பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் முகாம் போட்டிருந்தார்கள். விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுக்கிற முகாம். 2025 மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். மல்லிகா ஆதார் கார்டையும் போனையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். தனபால் போய் நாலு மாதம். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள்.

"சர்வே நம்பர் சொல்லுங்கம்மா."

"எண்பத்தேழு, ரெண்டு பி."

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். "பட்டா கோவிந்தராஜ்னு வருதும்மா."

"அவரு எங்க மூத்தாரு. கூட்டுப் பட்டாவா இருக்கும். கீழ பாரும்மா, தனபால்னு இருக்கும்."

"இல்லீங்கம்மா. ஒரே பேருதான். பூஜ்யம் அம்பத்தாறு புள்ளி அஞ்சு ஏர், புன்செய். முழுசும் அவரு பேர்லதான் இருக்கு."

ஐம்பத்தாறரை ஏர் என்றால் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். வேறு நிலமாக இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. பின்னால் நின்ற கிழவர் "இன்னாம்மா, ஆச்சா?" என்றார். மல்லிகா நகர்ந்து வழிவிட்டாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக நிலத்துக்குப் போனாள். மல்லாட்டை பூ எடுக்கிற நேரம். இலைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. வாய்க்கால் மடையில் உட்கார்ந்து, பட்டா இல்லாத மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நேற்று இருந்த மண்தான்.

கணியம்பாடியைத் தாண்டி உள்ளே வந்தால், வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்பது எங்கள் பக்கத்தில் புதிய விஷயமில்லை. கம்மவான்பேட்டையைக் கேட்டால் நாலைந்து தலைமுறைக் கதை சொல்வார்கள். தனபாலும் பதினெட்டு வயதில் போய்ச் சேர்ந்தவர்தான். கல்யாணமான புதிதில் லே பக்கம் இருந்தார். வருசத்துக்கு ஒரு லீவு. மாசா மாசம் அண்ணன் பேருக்கு மணியார்டர் வரும். குடும்பம் ஒன்றாக இருந்த காலம் அது. பெரியவர் பேருக்கு அனுப்புவதுதான் முறை. 1994-ல் இந்த நிலம் விலைக்கு வந்தபோது மல்லிகா தன் நாலு சவரன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "பட்டாளத்தான் பொண்டாட்டி நிலம் வாங்கறா" என்று கிணற்றடியில் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு அன்றைக்குச் சங்கிலியைவிடப் பெரிதாக இருந்தது.

அப்புறம் நிலத்தை அவள்தான் நிலமாக்கினாள். கரம்பாகக் கிடந்ததில் கல் பொறுக்கினாள், வரப்புப் போட்டாள், ரெண்டு பிள்ளைகளையும் அந்தப் புளிய மரத்தடியில் ஏணை கட்டி வளர்த்தாள். கிணறு வற்றின வருசங்களில் நூறு நாள் வேலைக்குப் போய், நாகநதியில் உறைகிணறு இறக்குகிற இடத்தில் மண் சுமந்தாள். மறு மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறியபோது, தன் தலையால் சுமந்த மண்ணுக்கு வந்த கூலி என்றே எண்ணினாள்.

இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாமே கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. கிஸ்திப் பணத்தை ஒவ்வொரு வருசமும் அண்ணன் கையில் கொடுப்பார் தனபால். மோட்டார் சர்வீஸ் அண்ணன் பேரில் இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் வாங்கினது, அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டாள். சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்கலாம் என்றால், "நமக்குத்தான் பென்ஷன் வருதே, கடன் எதுக்கு" என்பார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "அண்ணங்கிட்ட ஒரு பேச்சுப் பேசணும்" என்று ரெண்டு தடவை சொன்னார். மூத்தார் வந்து கட்டில் பக்கம் உட்கார்ந்தபோது, சாப்டியா அண்ணா என்று மட்டும் கேட்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மகன் போனில் கத்தினான். மல்லிகா, "நீ லீவு போட்டுக்கினு வராத. நான் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலூரில், பக்கத்துத் தெருக்காரர் சொல்லி அனுப்பிய பத்திர எழுத்தர் வில்லங்கம் எடுத்துக் கொடுத்தார். 1994, ஆனி மாதக் கிரையம். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பக்கத்தில் விலை: ரூ.22,000.

"முப்பத்தெட்டாயிரம் கொடுத்தோமே?"

"பத்திரத்துல போடற விலை வேற, கையில கொடுக்கற விலை வேற. அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான்."

"அவரு ஊர்ல இல்ல. அதனாலதான் அண்ணன் பேர்ல எழுதியிருப்பாங்களோ?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. இப்பதான் வாங்கறவரு போட்டோ, கைரேகையெல்லாம் வேணும். அது 2001-க்கு அப்புறம் வந்தது. அன்னிக்கு விக்கிறவர் வந்து கையெழுத்துப் போட்டா போதும். உங்க வீட்டுக்காரர் லடாக்குல இருந்தாலும் அவர் பேர்லயே எழுதியிருக்கலாம்."

மல்லிகாவுக்கு அந்த நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். பணம் நாங்க கொடுத்தோம், பேரு மட்டும் அவரு பேருன்னு கேஸ் போட்டா சுலபமா நிக்காது. 1988-லயே பினாமி சட்டத்தைக் கொண்டாந்துட்டாங்க. அவரு உங்களுக்காக, உங்க நம்பிக்கையில வச்சிருந்தாருன்னு காட்டணும். எழுத்துல ஏதாவது இருக்கா?"

வீட்டில் பட்டாளத்து டிரங்குப் பெட்டி இருந்தது. கறுப்புப் பெயிண்டில் அவர் நம்பரும் பேரும். அடியில் பிளாஸ்டிக் கவரில் மணியார்டர் ரசீதுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ரப்பர் பேண்டு தொட்டதும் உதிர்ந்தது. 56 ஏ.பி.ஓ. முத்திரை குத்தின ரசீதுகள், இருபத்தாறு. கூட்டினாள்: 24,600. சங்கிலி 12,800-க்குப் போனது. மீதி அறுநூறு எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை. கறவை மாட்டுப் பால் காசாக இருக்கும்.

ஆனால் ரசீதில் தொகைதான் இருக்கிறது. எதற்காக என்று இல்லை. எதற்காக என்பதை, அனுப்புகிறவர் பாரத்தின் கீழ்த்துண்டில் ரெண்டு வரி எழுதுவார். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்து வாங்குகிறவர் கையில் கொடுப்பார். ஆம்பிளைகள் கழனியில் இருக்கிற நேரத்தில், மூத்தாரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட வைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கூடத்துக் கம்பியில் குத்துவது மல்லிகாவின் வேலை. அதில் தன் பேர் இருக்கிறதா என்று பார்ப்பாள். "மல்லிகாவை ஒடம்பப் பாத்துக்கச் சொல்லவும்" என்று சில மாதம் இருக்கும். நிலம் வாங்கின ஆறேழு மாதம் அவள் மகன் பேறுகாலத்துக்கு ஆரணிக்குப் போயிருந்தாள். அந்த மாதத்துத் துண்டுகளை அவள் பார்த்ததில்லை.

சாயந்திரம் மூத்தார் வீட்டுக்குப் போனாள். பழைய வீடுதான், முன்னால் சிமெண்டு ஷீட் இறக்கியிருந்தார்கள். ஓரகத்தி சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மல்லிகா குடித்தாள். அந்த வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

"மாமா, நெலம் உங்க பேர்ல இருக்குதாம்."

கோவிந்தராஜ் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "ஆமா. என் பேர்லதான் இருக்குது. யாரு இல்லன்னது?"

"அவரு வாங்கின நெலம் மாமா."

"ஒண்ணா இருந்தப்ப வாங்கினது. ஒழைச்சது எல்லாரும்தான். உன்ன இப்ப யாரு எறங்கச் சொன்னா? மல்லாட்டை புடுங்கிக்க. அப்புறம் உக்காந்து பேசலாம். பையன் பிளாட் போடறவங்ககிட்ட பேசினுக்கீறான். உனக்கும் ஒரு பங்கு பாத்துக் கொடுப்பேன், வுட்டுட மாட்டேன்."

பங்கு என்ற சொல் காதில் விழுந்தபோது மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலைக்கு மேலே, அதே ஆணியில், அதே கம்பி தொங்கியது. எழுந்து போய் அதை எடுத்தாள்.

"இன்னா பண்ற?" என்றார் அவர்.

"பாத்துட்டு வச்சிடறேன் மாமா."

சாணி போட்ட தரையில் உட்கார்ந்தாள். மேலே உரக்கடைச் சீட்டு, கேபிள் சீட்டு, கரண்டு பில். ஒவ்வொன்றாக உருவி மடியில் வைத்தாள். நடுவில் கல்யாணப் பத்திரிகை ஒன்று, அவள் மகளுடையது. கீழே போகப் போகக் காகிதம் பழுப்பாகி, ஓட்டையைச் சுற்றித் துருவின் வட்டம். கோவிந்தராஜ் எழுந்தார். சரோஜா குறுக்கே வந்து நின்று, "இருங்க. பாக்கட்டும்" என்றாள். முப்பத்தைந்து வருசத்தில் அந்த வீட்டில் சரோஜாக்கா அவரைப் பார்த்து இருங்க என்று சொல்லி மல்லிகா கேட்டதில்லை.

தனபாலின் எழுத்து. ற-வுக்கு வால் நீளம். மல்லிகா வாய்விட்டுப் படித்தாள்.

"அண்ணாவுக்கு. நிலத்துக்கு ரூ.1000. நீங்க எழுதினபடி பத்திரம் உங்க பேர்லயே இருக்கட்டும். லீவுல வந்து என் பேருக்கு மாத்திக்கறேன். மல்லிகாவுக்குச் சொல்ல வேண்டாம். சங்கிலி கொடுத்தவ, மனசு கஷ்டப்படுவா."

கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது. அதை இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருசம் பக்கத்தில் படுத்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவள் கட்டின சோற்றைத் தின்று, இதைச் சொல்லாமலே போயிருக்கிறார். மூத்தார் மேல் கொண்டுவந்த கோபத்தில் பாதி எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. செத்தவர் மேல் எப்படிக் கோபிப்பது?

"அவன் கேக்கவே இல்லம்மா" என்றார் கோவிந்தராஜ். குரல் வேறாக இருந்தது. "ஒவ்வொரு லீவுக்கும் கேப்பான், கேப்பான்னு பாத்தேன். ரிட்டயராகி வந்தும் கேக்கல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

"நான் கேக்கறேன் மாமா."

அவர் பதில் சொல்லவில்லை. டி.வி.யில் படம் மட்டும் ஓடியது.

மல்லிகா மற்ற காகிதங்களை வரிசை மாறாமல் கம்பியில் குத்தினாள். எம்பி ஆணியில் மாட்டினாள். அந்த ஒரு துண்டை மட்டும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு வக்கீல் ஊட்டுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் கொடுக்கறதா இருந்தா சொல்லி அனுப்புங்க. பையன் வந்துடுவான்."

சரோஜா வாசல் வரை வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், "இருட்டிப்போச்சு, டார்ச் எடுத்துனு போ" என்று கையில் கொடுத்தாள்.

ஒன்பதரைக்குத்தான் த்ரீ பேஸ் கரண்டு வரும். மல்லிகா வீட்டுக்குப் போகவில்லை. கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சைப் பிடித்தபடி காத்திருந்தாள். லைட் எரிந்ததும் எழுந்து ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினாள். குழாய் ரெண்டு தடவை இருமி, தண்ணீரைக் கொட்டியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் மடையைத் திறக்கப் போனாள்.